சொத்து வரி நோட்டீஸ் வந்தாச்சா? கட்டும் முன் அளந்து பார்க்க 25 குறிப்புகள்

சொத்து வரி நோட்டீஸைக் கையில் எடுத்ததும் நம் கண் நேராகக் கடைசி வரியில் உள்ள தொகைக்குத்தான் போகிறது. அந்தத் தொகை எத்தனை சதுர அடிக்கு, என்ன ரேட்டில் வந்தது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பரப்பில் 50, 60 சதுர அடி கூடிப்போனாலே வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகலாம். அது எப்படி என்று சென்னை வீடு ஒன்றின் கணக்கோடு சொல்கிறேன்.

1. முதலில் ஒரு ஃபைல் போட்டுக்கொள்ளுங்கள். கிரயப் பத்திர நகல், அனுமதி பெற்ற வரைபடம் (பிளான்), இப்போதைய நோட்டீஸ் இவற்றோடு 2021-22ஆம் ஆண்டின் ரசீது ஒன்றும் கட்டாயம் வேண்டும். 2022 ஏப்ரலில்தான் வரி பெரிதாக உயர்ந்தது. அதற்கு முந்தைய ரசீது இருந்தால் பாதிக் கணக்கு சுலபமாக முடிந்துவிடும்.

2. பழைய ரசீது தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம். சென்னைக்காரர்கள் chennaicorporation.gov.in தளத்தில் தங்கள் பில் எண்ணைப் போட்டுத் தேடலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு tnurbanepay.tn.gov.in இருக்கிறது. வங்கிப் பாஸ்புக்கில் அந்த வருஷம் போன தொகையைப் பார்த்தாலும் சரிதான்.

3. நோட்டீஸ் நம் வீட்டுக்கானதுதானா என்று பாருங்கள். சென்னையில் பில் எண் நாலு துண்டாக இருக்கும்: மண்டலம், வார்டு, பில் எண், துணை எண். ஒரே மனையில் மேல்வீடு, கீழ்வீடு என்று தனித்தனி வரி இருந்தால் கடைசித் துண்டு மட்டுமே மாறியிருக்கும். அங்கேதான் அண்ணன் வீட்டு வரியைத் தம்பி கட்டிவிடுகிற குழப்பம் நடக்கிறது.

4. கதவு எண்ணில் பழசு, புதுசு இரண்டையும் ஒத்துப் பாருங்கள். பழைய எண் 14 நம்முடையது, புதிய எண் 14 நாலு வீடு தள்ளி என்றால், அந்த வீட்டின் அளவுகூட நம் பேரில் ஏறியிருக்கலாம்.

5. பில்லில் நிலுவை, வட்டி என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு ஒரு அரையாண்டுத் தொகையை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. இனி வரும் கணக்கெல்லாம் அந்த ஒற்றை அரையாண்டுக்குத்தான்.

6. பரப்பு என்று போட்டிருப்பது மனையின் அளவு அல்ல, கட்டடத்தின் அளவு. கிரயப் பத்திரத்தில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி என்றிருந்தால் அது நிலம். அதை நோட்டீஸோடு ஒப்பிட வேண்டாம். ஃபிளாட்காரர்களும் பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் வரும் எண்ணை விட்டுவிட்டு, கட்டடப் பரப்பு எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள்.

7. சில வரைபடங்களில் அளவு சதுர மீட்டரில் இருக்கும். அதை 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும். உதாரணத்துக்கு, 111.5 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 1,200 சதுர அடி. இந்த 1,200-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

8. இனி டேப் எடுக்கலாம். வரிக்கான அளவு சுவரையும் சேர்த்து வெளிப்புறமாக எடுப்பது. அதனால் அறைகளின் உள்ளளவை மட்டும் கூட்டிப் பார்த்து 'அதிகமாகப் போட்டுவிட்டார்கள்' என்று கிளம்பினால் ஆபீஸில் எடுபடாது. வீட்டைச் சுற்றி வெளியில் நின்று ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க, இன்னொருவர் இழுத்து அளப்பதுதான் சரி.

9. பக்கத்து வீட்டுச் சுவரோடு நம் சுவர் ஒட்டியிருந்தால் வெளியே நிற்க இடம் இருக்காது. அப்போது உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்து, இரண்டு பக்கச் சுவர்த் தடிமனையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி. நடுவில் வரும் சுவர்களை விட்டுவிடாதீர்கள். அவையும் பரப்பில் சேர்த்திதான்.

10. அளந்ததை அப்படியே கட்டம் போட்ட நோட்டுத் தாளில் வரைந்துவிடுங்கள், ஓர் அடிக்கு ஒரு கட்டம். வீடு 'ட' மாதிரி வளைந்திருந்தால் இரண்டு மூன்று செவ்வகமாகப் பிரித்து, கணக்கில் சேர்த்ததை எல்லாம் பென்சிலால் நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஒரே இடம் இரண்டு தடவை கணக்கில் ஏறினால் உடனே கண்ணில் படும். ஆபீஸ் கணக்கில் நடக்கும் பிழையும் பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

11. இப்போது நம் உதாரண வீடு. தரைத்தளம் மட்டும் உள்ள சொந்த வீடு, வெளியளவு 31 அடிக்கு 38 அடி. பெருக்கினால் 1,178 சதுர அடி. முன்பக்க வராண்டா 15½ அடிக்கு 4 அடி, அதாவது 62 சதுர அடி, அந்த 31க்கு 38-க்குள்ளேயே அடக்கம். ஆனால் நோட்டீஸில் 1,240 என்றிருக்கிறது. வித்தியாசம் சரியாக 62! வீட்டை முழுசாக அளந்துவிட்டு வராண்டாவைத் தனியாக இன்னொரு தடவை கூட்டியிருக்கிறார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததும் அந்த எண் வராண்டா, மாடிப்படி, பால்கனி எதனோடாவது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்திவிட்டால் பிழை எங்கே என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

12. 'வெறும் 62 சதுர அடிதானே, ஐந்து சதவீதம் பெரிய விஷயமா' என்று விட்டுவிடாதீர்கள். 2022-ல் வந்த உயர்வு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. வீட்டின் பரப்பைப் பொறுத்துப் படிப்படியாக வைத்தார்கள். சென்னையில் 2011-க்கு முன்பே மாநகராட்சியில் இருந்த பகுதிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. பின்னால் சேர்ந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100.

13. நம் உதாரண வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 1,240 சதுர அடிக்கு 2021-22-ல் அரையாண்டு வரி 1,600 ரூபாய். 100 சதவீத உயர்வில் 3,200 ஆகிவிட்டது. சரியான 1,178-க்குப் பழைய வரியே 1,520-தான் இருந்திருக்க வேண்டும். அதன் மேல் 75 சதவீதம் சேர்த்தால் 2,660. ஐந்து சதவீதப் பரப்புப் பிழை வீட்டை அடுத்த படியில் தூக்கி வைத்ததால் அரையாண்டுக்கு 540 ரூபாய் அதிகம்.

14. அதற்கு மேல் 6 சதவீத உயர்வும் இருக்கிறது. சென்னையில் 2024-25ஆம் ஆண்டின் இரண்டாம் அரையாண்டிலிருந்து சேர்ந்தது. 3,200 என்பது 3,392 ஆகும், 2,660 என்பது 2,820 ஆகும். வித்தியாசம் 572 ரூபாய், வருஷத்துக்கு 1,144. நம் வீட்டுக்கும் இதே வரிசையில் செய்யுங்கள்: பழைய வரி, அதன் மேல் நம் படிக்கான சதவீதம், அதன் மேல் 6. ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே வந்தால் அது ரவுண்டு செய்ததில் வருவது, விட்டுவிடலாம்.

15. எல்லோரும் டேப் எடுத்து அல்லாட வேண்டியதில்லை. நோட்டீஸில் உள்ள பரப்பு 600, 1,200, 1,800 இந்த மூன்று எண்களில் ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் தாண்டி நின்றால் அவசியம் அளந்து பாருங்கள். 950 என்று நடுவில் இருந்தால் பத்து சதுர அடி வித்தியாசத்தில் படி மாறாது, பத்து இருபது ரூபாய்தான் மாறும். அதற்காக ஆபீஸுக்கு அலைந்தால் ஆட்டோ காசுக்கே போதாது.

16. பரப்பு முடிந்தது, இனி ரேட். சென்னையில் மாத வாடகை மதிப்பை 10.92-ஆல் பெருக்கி ஆண்டு மதிப்பு போடுகிறார்கள். 12 மாதம் என்று பெருக்காமல் 10.92 என்பதற்குக் காரணம், நிலத்துக்கு 10 சதவீதம் ஒதுக்கி, மீதியில் பராமரிப்புக்கு 10 சதவீதம் தள்ளிவிடுவது. நாம் இதைத் திருப்பிப் போட்டால் போதும்: ஆண்டு மதிப்பை 10.92-ஆல் வகுத்து, வந்ததைப் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு மாதம் எவ்வளவு என்று கிடைத்துவிடும்.

17. உதாரண வீட்டின் பழைய ஆண்டு மதிப்பு 12,900. அதை 10.92-ஆல் வகுத்தால் மாதம் 1,181 ரூபாய். நோட்டீஸில் உள்ள 1,240-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 95 பைசா. பக்கத்து வீட்டிலும் 95 பைசாதான் வருகிறது, எல்லாம் சரி என்று தோன்றும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்: தப்பான பரப்பால் வகுத்தால் தப்பு மறைந்துகொள்ளும். நாம் அளந்த 1,178-ஆல் வகுத்தால் ஒரு ரூபாய் வருகிறது. பக்கத்து வீட்டைவிட ஐந்து பைசா கூட.

18. பக்கத்து வீட்டோடு ஒப்பிடும்போது 2022-க்கு முந்தைய கணக்கையே எடுங்கள். இப்போதைய வரியை எடுத்தால் அவர்கள் 1,100 சதுர அடி, நாம் 1,300 என்றாலே படி வேறு, சதவீதம் வேறு, சண்டைக்குத்தான் வழி. ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வயது, இரண்டும் சொந்தக் குடியிருப்பு என்று பார்த்து ஒப்பிட்டால்தான் விடை சரியாக இருக்கும்.

19. ரேட் தெருவுக்குத் தெரு மாறும். மூலை வீட்டுக்காரர்கள் இதைக் கவனியுங்கள்: வாசலும் கதவு எண்ணும் குறுக்குத் தெருவில் இருக்க, நோட்டீஸில் மெயின் ரோடு பெயர் இருந்தால் ரேட்டும் மெயின் ரோட்டு ரேட்டாக இருக்கலாம். பத்திரத்தில் எந்தத் தெரு, மின் கட்டண அட்டையில் எந்தத் தெரு என்று இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

20. பணம் அதிகம் போகிற பிழை பயன்பாட்டு வகையில்தான். 2022 திருத்தத்துக்கு முன் சென்னையில் குடியிருப்புக்கான அடிப்படை ரேட் சதுர அடிக்கு 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரை. கடை, ஆபீஸ் போன்றவற்றுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. அது போதாதென்று 2022 உயர்விலும் சென்னையில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். முன் அறையில் எப்போதோ நடந்த தையல் கடையை மூடி அதைப் படிக்கும் அறையாக்கியிருந்தால், பதிவிலும் அது குடியிருப்பாக மாறிவிட்டதா என்று இன்றே பாருங்கள். மின் இணைப்பும் வீட்டுக் கட்டணத்துக்கு மாறியிருந்தால் அதுவே நல்ல ஆதாரம்.

21. வாடகைக்கு விட்டதா, சொந்தமாகக் குடியிருப்பதா என்பதும், கட்டடத்தின் வயதும் கணக்கில் வரும். குடிவைத்திருந்தவர்கள் காலி செய்து நாமே வந்துவிட்டால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தானாக மாறாது. கட்டிய வருஷம் தப்பாக இருக்கிறதா என்று பார்க்க முதல் வரி ரசீதோ பழைய பிளானோ போதும்.

22. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வழி இதேதான், எண்கள் மட்டும் வேறு. மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2022-ல் குடியிருப்புகளுக்கு உயர்வு 600 வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. குடிநீர்க் கட்டணமும் சேர்ந்து ஒரே ரசீதாக வந்திருந்தால் அதைப் பிரித்தெடுத்துவிட்டுச் சொத்து வரியை மட்டும் கணக்கிடுங்கள்.

23. மனு கொடுப்பதற்கு முன் ஒன்றை மனசாட்சியோடு பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஓர் அறை, மாடியில் ஒரு ஷீட் போட்ட கூடம் என்று பிற்பாடு கட்டியது பதிவில் இல்லை என்றால், நாம் மனு கொடுத்ததும் அளக்க வருபவர்கள் அதையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். அதை நாமே முன்வந்து சொல்லி வரியைச் சரிசெய்வதுதான் நல்லது. பின்னால் நிலுவையோடு மொத்தமாக வந்தால் தாங்காது. கூட்டல் கழித்தல் எல்லாம் போட்ட பிறகும் நமக்கு மிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

24. மனு ஒரே பக்கம் இருந்தால் போதும். பில் எண், 'நோட்டீஸில் 1,240; உண்மையில் 31 × 38 = 1,178; வராண்டா 62 சதுர அடி இருமுறை சேர்ந்துள்ளது; மறு அளவீடு செய்யக் கோருகிறேன்' என்ற அளவில் எழுதி, கட்டத்தாள் வரைபடத்தையும் பிளான் நகலையும் இணையுங்கள். மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலர் பெயருக்குக் கொடுத்து, நம் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். நோட்டீஸில் ஆட்சேபணைக்கு என்று நாள் குறித்திருந்தால் அதற்குள் போய்ச் சேர வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அன்றே அதன் பின்பக்கம் எழுதிவைப்பது பின்னால் உதவும். அவர்கள் எப்படி அளந்தார்கள் என்றே தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, நம் வீட்டின் அளவீட்டு வரைபடமும் வரி கணக்கீட்டுத் தாளும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

25. மனு போட்டாயிற்று என்று வரி கட்டுவதை நிறுத்தாதீர்கள். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தள்ளிப் போட்டால் வட்டி ஏறும். கட்டிவிட்டு, அதிகமாகக் கட்டிய தொகையை அடுத்த அரையாண்டில் வரவு வைக்கச் சொல்லி மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். திருத்த உத்தரவு கைக்கு வந்ததும் சென்னைக்காரர்கள் அதன் நகலைக் குடிநீர் வாரிய அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் போடும் வரியும் மாநகராட்சியின் ஆண்டு மதிப்பை வைத்துத்தான். அடுத்த நோட்டீஸ் வந்ததும் பரப்பு 1,178 என்று மாறியிருக்கிறதா, 75 சதவீதப் படியில் கணக்கு வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பரப்பை மாற்றிவிட்டுப் பழைய தொகையையே அச்சிட்டு அனுப்புவதும் உண்டு.